12 பேருன்னு தலைப்புலயே போடுங்க

ஆசிரியருக்கு,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ‘கேன்சருக்கு மருந்து வந்தாச்சு’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு அத்தை அதைக் கத்தரிச்சு பர்ஸ்ல மடிச்சு வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட போயிட்டாங்க, அவங்களுக்கு மார்புல கேன்சர்.

சேதி டோஸ்டார்லிமாப்ங்கற மருந்தப் பத்தினது, 2022ல நியூயார்க் டாக்டருங்க வெளியிட்ட ஆய்வு. அதுல மருந்து எடுத்து முடிச்ச 12 பேருக்கும் கட்டி தெரியாம போச்சு, உண்மைதான், சின்ன விஷயமும் இல்ல. ஆனா எல்லாருக்கும் இருந்தது மலக்குடல் கேன்சர், அதுலயும் டிஎன்ஏ பிழையத் திருத்துற வேலை கெட்டுப்போன வகை, அந்த கேன்சர் உள்ளவங்கள்ல நூத்துக்கு 5, 10 பேருக்குத்தான் அப்படி இருக்கும். இது உங்க சேதில கடைசி பாராவுல ஒளிஞ்சு கெடக்கு.

ஒப்பிட்டுப் பாக்க வழக்கமான சிகிச்சை எடுத்த குரூப்பு ஒண்ணும் அதுல இல்ல. அப்போ கவனிச்சதும் ஆளுக்கு 6 மாசத்துல இருந்து 25 மாசம் வரைக்கும்தான், ஸ்கேன்ல தெரியலங்கறதும் இனி வராதுங்கறதும் ஒண்ணா சார்?

‘ஒரு வகை மலக்குடல் கேன்சர்: 12 பேருக்கு நல்ல பலன், ஆய்வு தொடருது’ன்னு போட்டா தலைப்பு நீளம்தான், ஆனா அத்தை கத்தரிக்கோலைத் தேடியிருக்க மாட்டாங்க.

சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன்