"கீழ்த்தளத்தில் ரூம் இருக்கு" என்று சொல்லுமுன்: மலையக விடுதிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளை, எல்ல பக்கத்து விடுதி உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார், அறை தோதுப்படுமா என்று தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கீழ்த்தளத்தில ரூம் இருக்கு, பிரச்சினையில்ல." அதில் பொய் இல்லை. ஆனால் சரிவில் கட்டிய கட்டடத்தில் வரவேற்பறைதான் பாதை மட்டத்தில் இருக்கும். கீழ்த்தளத்துக்குப் போக அங்கிருந்து படியிறங்க வேண்டும். கொழும்பிலிருந்து கேட்பவர் மனதில் இருக்கும் கீழ்த்தளம் வேறு. ஆகவே தளத்தின் பெயரை விட்டுவிட்டு, வேன் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று நடந்து எண்ணிச் சொல்லுங்கள். வாசலில் உள்ள ஒற்றைப் படியும் கணக்கில் வரவேண்டும்.

அதைத் தாண்டினாலும் பயணம் கெடுவது பாத்ரூம் கதவில்தான். கதவின் அகலம் கேட்டால் நிலையின் அகலத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். நிலைக்கு உள்ளே 75 சென்ரிமீற்றர். கதவைச் செங்குத்தாகத் திறந்து வைத்தாலும் பலகையின் கனம் வழியில்தான் நிற்கும். அதற்கு 4 போகும், எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு இன்னும் 1. மிஞ்சுவது 70. வருபவரின் நாற்காலி, கையால் தள்ளும் வளையத்தையும் சேர்த்து, 66. பக்கத்துக்கு 2 சென்ரிமீற்றர்தான் இடைவெளி. பின்னால் ஒருவர் நேராகத் தள்ளினால் நுழையும். தானே தள்ளுபவரின் விரல் மூட்டு நிலையில் உரசும். கதவுக்கு முன்னால் கட்டில் நின்றால் நேராக வரவே முடியாது, திரும்பித்தான் நுழைய வேண்டும். அப்போது 70 போதாது, 80 ஆவது வேண்டும்.

இதற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லை. பிணைச்சலைக் கழற்றிக் கதவை எடுத்துவிட்டு, அந்த இரண்டு நாளைக்குக் கனத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டால் கதவுக்குப் போன 4 சென்ரிமீற்றர் திரும்பக் கிடைக்கும். கட்டிலைச் சுவரோடு தள்ளினால் திரும்ப இடம் வரும். ஒன்றரை மீற்றர் சதுரம் வெறுமையாக இருந்தால் நல்லது. நிரந்தரமாக மாற்றுவதென்றால் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும்.

அடுத்தது பாத்ரூம் வாசல் கட்டு. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க நீங்கள் கட்டியது, நியாயம்தான். ஆனால் முன்பக்கச் சின்னச் சக்கரம் 2 சென்ரிமீற்றர் உயரத்திலேயே இடறி நிற்கும். வேகமாகத் தள்ளினால் ஆள் முன்னால் சரிவார். சாய்தளம் வைப்பதென்றால் 1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 12 சென்ரிமீற்றர் நீளம். 5 உயரக் கட்டுக்கு 60 நீளப் பலகை, மேலே சொரசொரப்பு. இதே கணக்கில் முன்வாசலில் 15 உயரப் படி மூன்று இருந்தால் 5.4 மீற்றர் நீளம் வேண்டும். அங்கே இரண்டு பலகையைச் சாத்திவிட்டு "றாம்ப் இருக்கு" என்று சொல்லாதீர்கள். அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்பக்கம் கவிழும். மழைக்காலப் பாசியையும் நினைத்துப் பாருங்கள். தூக்கித்தான் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியிலோ கால்தட்டிலோ பிடிக்கக் கூடாது, அவை கழன்று வரும். பிடிக்க வேண்டியது சட்டகத்தை. பற்றரி நாற்காலியைத் தூக்கும் எண்ணமே வேண்டாம், அவற்றில் பலவும் 100 கிலோவைத் தாண்டும்.

கொமட்டுக்கு ஒரு பக்கமாவது 80 சென்ரிமீற்றர் வெறும் இடம் இருக்கிறதா, அந்தப் பக்கம் இடமா வலமா என்பதையும் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் உதவும். பக்கம் மாறினால் அறை பயன்படாது.

வேன் ஒழுங்கு செய்து தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய வேன் வசதியென்று நினைக்கிறோம், ஆனால் அதன் இருக்கை நாற்காலியை விட உயரம். தானே மாறி உட்காரக் கூடியவருக்குக் காரின் முன் இருக்கைதான் சுலபம். நானுஓயாவில் ரயிலால் இறங்குகிறார் என்றால் பெட்டியிலிருந்து இறக்க இரண்டு பேரையாவது அனுப்புங்கள்.

எங்கே போகலாம் என்று கேட்டால் ஹோர்ட்டன் சமவெளியைச் சொல்லிவிடாதீர்கள். உலக முடிவுக்குப் போகும் பாதை கல்லும் வேருமானது. கிரகரி வாவிக் கரையும் விக்டோரியா பூங்காவும் பெரும்பாலும் சமதரை. ஹக்கலயில் பூங்காவே சரிவில் இருக்கிறது, பலமான ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டுவது பெரும்பாலும் மேல்மாடியில். கீழே அரைப்பதையும் காயவைப்பதையும் மட்டும் காட்டுவார்களா என்று முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. இந்த மடல் அதைப் பிடித்து வாதாட வரவில்லை. இன்று கேட்பது நான்கு படங்கள்: வேன் நிற்கும் இடத்திலிருந்து வாசல், அளவு நாடாவை விரித்துப் பிடித்தபடி திறந்த பாத்ரூம் கதவு, வாசல் கட்டின் உயரம், கொமட்டின் பக்கத்து இடம். நாடாவின் இலக்கம் படத்தில் தெரிய வேண்டும். எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருங்கள், அடுத்தவர் கேட்டதும் அனுப்பிவிடலாம். 70 என்றால் 70 என்றே அனுப்புங்கள். 58 அகல நாற்காலிக்காரர் அதைப் பார்த்து அறையைப் பதிவு செய்வார்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலிப் பயணங்களை ஒழுங்கு செய்யும் சிலர்