பக்கம் 101ல் என்ன இருந்தது? நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வு நெறியாளர் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் இருபத்திரண்டு வருசமாக ஆய்வேடு தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, கட்டுக்கு அனுப்புகிற வேலை பார்த்து வருகிறேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகள் பெரும்பாலும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். கையில் தேர்வாளர் அறிக்கை இருக்கும். "அண்ணே, கரெக்ஷன் கொஞ்சம்தான், நாலு நாளில் முடிச்சிடலாம்" என்பார்கள். அந்த நாலு நாள் நாலு மாதம் ஆவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். திருத்தம் கடினமானது என்பதால் இப்படி ஆவதில்லை. அறிக்கையைப் பட்டியலாக்காமல், அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருத்தத் தொடங்கிவிடுவதால் ஆவது. இதை உங்களால்தான் மாற்ற முடியும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து ஊருணிகளைப் பற்றி அவர் தமிழில் எழுதிய ஆய்வேடு அது. தேர்வாளர் ஒருவரின் அறிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "பக். 101இல் ஊருணியின் கொள்ளளவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது தெளிவாக இல்லை, அலகுகள் ஆய்வேடு முழுதும் சீராக இல்லை, அட்டவணை 4.3ஐச் சரிபார்க்க வேண்டும், அண்மைக்கால ஆய்வுகளையும் சேர்க்கலாம்."

தங்கச்சி 101ஆம் பக்கத்தைத் திறந்தார். அங்கே ஊருணிக் கரையில் நிற்கும் மரங்களைப் பற்றி எழுதியிருந்தது. தேர்வாளர் கேட்டிருக்கிறாரே என்று, மரங்களுக்கு நடுவே கொள்ளளவு பற்றி ஒரு பத்தியைச் செருகினார். நெறியாளர் அவசரத்தில் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தங்க எழுத்துப் பதித்து ஐந்து படி கட்டியும் ஆயிற்று. பிறகு, கேட்ட திருத்தம் கேட்ட இடத்தில் இல்லை என்று ஏடு திரும்பி வந்தது. கட்டைப் பிரித்தபோது அந்தத் தங்கச்சி அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நடந்தது இதுதான். தேர்வாளர் மென்படியில் படித்திருக்கிறார். திரையில் 101 என்று காட்டியது கோப்பின் முதல் பக்கத்திலிருந்து எண்ணிய எண். ஏட்டில் அச்சான எண் 87. சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல் எல்லாம் ரோமன் எண்ணில் போகும் முன்பக்கங்கள் பதினான்கு. அந்தப் பதினான்குதான் வித்தியாசம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அறிக்கையில் பக்க எண்ணோடு ஏட்டின் சொற்களும் வருகிற இரண்டு மூன்று இடங்களை எடுத்து, அந்தச் சொற்கள் உண்மையில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது திரையின் எண். இயல் தலைப்புத் தாள்களைப் பக்க எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டிருந்தால், இயலுக்கு ஒன்றாக வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் இயலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது.

அதனால் நான் இப்போது முதலில் செய்வது, வைவாவுக்குப் போன ஏட்டின் கோப்பை அப்படியே ஒரு படி எடுத்து, யாரும் தொடாதபடி தனியாக வைப்பது. தேர்வாளர் சொன்ன பக்க எண் எல்லாம் அந்தப் படிக்குத்தான் பொருந்தும். திருத்தத் தொடங்கியதும் பக்கங்கள் நகர்ந்துவிடும். இரண்டாம் இயலில் ஒன்றரைப் பக்கம் சேர்த்தால் நான்காம் இயலில் ஒரு எண்ணும் பழைய இடத்தில் இராது. திருத்தங்களை வரிவரியாக எழுதும் பட்டியலில் பழைய பக்கத்துக்கு ஒரு கட்டம், புதிய பக்கத்துக்கு ஒரு கட்டம் என்று இரண்டு வேண்டும். புதிய பக்கக் கட்டத்தைக் கடைசி வரை காலியாகவே வைத்திருக்க வேண்டும். எல்லாத் திருத்தமும் முடிந்து, பொருளடக்கமும் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் நிரப்புவது நல்லது. இடையிடையே நிரப்பினால் பாதி எண் பொய்யாகிவிடும்.

அடுத்தது, அந்த ஒரு வாக்கியத்தைப் பிரிப்பது. எண்ணிப் பாருங்கள், அதில் நான்கு வேலை இருக்கிறது. பட்டியலில் நான்கு வரி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் தேர்வாளரின் சொற்களை மாற்றாமல் எழுத வேண்டும். "கொள்ளளவு விளக்கம்" என்று பிள்ளைகள் சுருக்கி எழுதினால், "எவ்வாறு கணக்கிடப்பட்டது" என்ற கேள்வி அங்கேயே தொலைந்துபோகும். "வேண்டும்" என்பதும் "சேர்க்கலாம்" என்பதும் ஒன்றல்ல. "சேர்க்கலாம்" என்பதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்வதா, யோசனையாக எடுத்துக்கொள்வதா என்பதைப் பிள்ளைகள் தாங்களாக முடிவு செய்ய முடியாது. அது உங்கள் வேலை. வைவா நடந்த வாரத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து அதைச் சொல்லிவிடுங்கள். அரங்கில் வாயால் சொன்ன திருத்தங்கள் அறிக்கையில் இருக்காது. அவற்றையும் நினைவிருக்கும்போதே "வாய்மொழி" என்று குறித்துச் சேர்த்துவிட வேண்டும். இரண்டு தேர்வாளரும் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எண் கொடுத்தால் போதும். ஒவ்வொருவரும் தாம் சொன்னதைத்தான் தேடுவார்கள்.

இனி அந்தக் கொள்ளளவு. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். தங்கச்சி ஓர் ஊருணியை மேலே 60 மீட்டர் சதுரம், ஆழம் 3 மீட்டர் என்று எடுத்து, நேராகப் பெருக்கி 10,800 கன மீட்டர் என்று போட்டிருந்தார். ஆனால் ஊருணியின் கரை சரிந்து இறங்குமே! அடியில் அது 48 மீட்டர் சதுரம்தான். மேல் பரப்பு 3,600, அடிப் பரப்பு 2,304, இரண்டின் சராசரி 2,952. அதை 3ஆல் பெருக்கினால் 8,856. இதுவும் தோராயம்தான், ஆனால் எப்படிக் கணக்கிட்டது என்று சொல்லக்கூடிய தோராயம். கணக்கு முறையை 87ஆம் பக்கத்தில் எழுதிவிட்டு "முடிந்தது" என்று போடலாம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் பழைய 10,800 வேறு எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது? அட்டவணை 4.3இல் இருந்தது, நான்காம் இயலின் முடிவில் இருந்தது, நிறைவுரையில் இருந்தது, முன்னால் உள்ள ஆய்வுச் சுருக்கத்திலும் இருந்தது. ஒரு திருத்தம் ஐந்து இடத்தைத் தொட்டது. ஆகவே அந்த வரியை 3அ, 3ஆ, 3இ, 3ஈ, 3உ என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கம் போட்டோம். ஏட்டில் எண் மாறும் எந்தத் திருத்தத்துக்கும் இப்படிச் செய்யாவிட்டால், சுருக்கம் ஒன்று சொல்லும், இயல் வேறொன்று சொல்லும்.

"முழுதும்" என்று வருகிற திருத்தம் இன்னொரு வகை. "அலகுகள் முழுதும் சீராக இல்லை" என்பதற்குப் பழைய பக்கம் என்ன போடுவது? தேடி எடுத்து, கிடைத்த பக்கங்களை எல்லாம் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். தமிழ் ஏட்டில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல ஏடுகளில் பாதி யூனிகோடிலும், பழைய கட்டுரைகளிலிருந்து ஒட்டிய பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் தமிழ்தான். கணினிக்குப் பாமினி எழுத்து வெறும் ஆங்கில எழுத்து. தேடும் பெட்டியில் "கன அடி" என்று யூனிகோடில் தட்டினால் பாமினிப் பகுதியில் ஒன்றும் சிக்காது. `fd mb` என்று தட்டினால்தான் சிக்கும். தங்கச்சியின் ஏட்டில் முதல் தேடலில் ஆறு இடம் வந்தது. இப்படித் தேடியதும் இன்னும் பதினொன்று வந்தது. தேடல் எதையும் காட்டாவிட்டால் "இல்லை" என்று நம்பிவிடாமல், ஏட்டில் கண்ணால் பார்த்த ஓர் இடத்தை அது பிடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு திருத்தமும் எந்த அளவில் இருக்கிறது என்று காட்ட, நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். குறிப்பேட்டில் எழுதிய ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே பேரேட்டுப் பக்க எண் இருக்கும். பேரேட்டில் ஏற்றிய பிறகுதான் அந்த எண்ணை எழுதுவார். எண் இல்லாவிட்டால் இன்னும் ஏற்றவில்லை என்று பார்த்ததும் தெரியும். அதே மாதிரி, ஆய்வாளர் திருத்தி முடித்தால் "திருத்தியது" என்று மட்டும் போடட்டும். "முடிந்தது" என்பதை நீங்கள் புதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டையும் ஒரே ஆள் போட்டால் அந்தக் கட்டத்துக்குப் பொருளே இல்லை. எல்லாத் திருத்தமும் செய்யப்பட்டது என்று சான்றிதழில் மொத்தமாக ஒரு கையெழுத்துப் போடுகிறீர்கள். அதற்கு முன் வரிக்கு வரி ஒரு சுருக்கொப்பம் போட்டால் 101ஆம் பக்கத்து மரங்கள் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

தேர்வாளர் சொன்னதை ஏற்க முடியாத இடமும் உண்டு. ஊருணி என்பதற்குப் பதில் குளம் என்று எழுதச் சொன்னார் ஒருவர். எங்கள் பகுதியில் ஊருணி குடிதண்ணீருக்கு, குளம் குளிக்க, பாய்ச்ச. மாற்றினால் ஆய்வே குலைந்துவிடும். அந்த வரியை நீக்கவில்லை. நிலையில் "மாற்றவில்லை" என்று எழுதி, முதல் இயலில் சொல் விளக்கமாகச் சேர்த்த பத்தியின் பக்கத்தைக் கொடுத்தோம். காரணத்தை எழுதிக் கொடுத்தவர் தங்கச்சியின் நெறியாளர். அந்த விளக்கம் போதுமா என்று பட்டியல் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு வேலை. தனியாக வைத்த பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வேர்டில் `Compare` கொடுத்து ஒப்பிடுகிறேன். பட்டியலில் இல்லாத மாற்றம் ஏதாவது தெரிந்தால் ஆய்வாளரைக் கேட்கிறேன். தேவையான மாற்றமானால் பட்டியலில் ஏறும், கை தவறியதானால் பழையபடி ஆகும். ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்கு ஏற்றும் மென்படியும் இந்தக் கடைசிக் கோப்பிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அச்சில் ஒன்றும் இணையத்தில் ஒன்றுமாகப் போன ஏடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வைவா முடிந்ததும் அறிக்கையைப் புகைப்படமாக வாட்ஸப்பில் அனுப்பாமல், எழுத்துத் தெளிவான படியாகக் கொடுங்கள். பட்டியலை முதலில் கேளுங்கள், திருத்திய ஏட்டைப் பிறகு கேளுங்கள். நீங்களே வெளியூர் ஏட்டுக்குத் தேர்வாளராகப் போகும்போது அச்சான பக்க எண்ணையும், அந்த வரியின் முதல் இரண்டு சொல்லையும் எழுதுங்கள்.

தங்கச்சியின் பட்டியல் கடைசியில் முப்பத்தெட்டு வரி வந்தது. இரண்டாம் முறை கட்டிய ஏடு திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
ஆய்வேடு தட்டச்சு செய்பவன்,
காரைக்குடி.