டாக்கெட் நம்பர் இல்லாத மாதிரிக் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பார்சல் தாமதமானால் கூரியர் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய மாதிரிக் கடிதம் ஒன்றை உங்கள் ஆங்கிலப் பகுதியில் வெளியிட்டிருந்தீர்கள். ஆங்கிலம் அழகாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். அதன் கீழே ஒரு வரி: "உறுதியான, கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதினால் எந்த நிறுவனமும் அலட்சியம் செய்ய முடியாது." அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதுரையில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். புனேயில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் பிளவுஸ்கள் தைத்து கூரியரில் அனுப்பினேன். முகூர்த்தம் முடிந்து மறுவீடும் போன பிறகுதான் அவை போய்ச் சேர்ந்தன. இடையில் டிராக்கிங்கில் 'டோர் லாக்ட்' என்று வந்தது. வாசலில் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் திண்ணை வரை படுத்திருந்த கல்யாண வீடு ஐயா, அது! என் மகள் உங்கள் மாதிரிக் கடிதத்தைப் போலவே கண்ணியம் குறையாமல் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். அதைவிடக் கண்ணியமான ஆங்கிலத்தில் ஒரு பதில் தானாக வந்து விழுந்தது. வருந்துகிறார்களாம், எங்கள் பொறுமைக்கு நன்றியாம். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் கூரியர் ரசீதில் இருக்கும் டாக்கெட் நம்பரே இல்லையே! புக்கிங் தேதி, எடை, கட்டிய தொகை, எந்தச் சேவை என்று எதுவும் இல்லை. அந்த நம்பர் இல்லாமல் எழுதினால் அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதற்கே சில நாள் போய்விடும்.

மகளின் கடிதம் பலிக்காமல் போனதும் எங்கள் தெரு வக்கீல் ஒருவர் வேறொன்று எழுதிக்கொடுத்தார். ஆங்கிலம் சுமார்தான். முதல் வரியிலேயே டாக்கெட் நம்பர். இரண்டாவது பத்தியில், கதவு பூட்டியிருந்ததாகச் சொன்ன அந்த நாளின் டெலிவரி ரன் ஷீட் நகலைக் கேட்டிருந்தார். பையன் எந்தெந்த வீட்டுக்குப் பார்சல் எடுத்துப் போனான் என்று இருக்கும் தாள் அது. வீட்டுக்கு வந்தது நிஜமென்றால் நேரம் என்ன, எந்த நம்பருக்கு போன் செய்தார்கள் என்றும் கேட்டார். டிராக்கிங் பக்கத்தைப் படம் பிடித்து இணைக்கச் சொன்னார், பின்னால் அது திரையில் இல்லாமல் போகலாம் என்று. கடைசியில் கூரியர் கட்டணமும், பில்லோடு பிளவுஸ்களின் தையல் கூலியும் 15 நாளில் வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம் என்று முடித்தார். மெயிலில் அனுப்பியதோடு ஒரு நகலை ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டோம். கூரியர் மீதான புகாரைத் தபாலில்தான் நம்பி அனுப்ப முடிந்தது. இந்த முறை மனிதர் ஒருவர் போன் செய்தார்.

ஆனால் அவர் சொன்னது வேறு கதை. ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றார். சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், பொறுப்பு 100 ரூபாய்க்கு மேல் இல்லை என்று இருக்கிறது. முன்பக்கத்தில் பொருளின் மதிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. கவுன்டர் பையன் அதைக் கேட்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை. கையெழுத்து மட்டும் வாங்கினான். வக்கீல் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கைச் சொன்னார். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராமல் அந்தப் பின்னலாடை நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்டம். ரசீதில் கையெழுத்திட்டதால் அதில் அச்சடித்திருந்த 100 டாலர் வரம்புதான் செல்லும் என்று ஆகிவிட்டதாம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் இலக்கணம் ஒன்றும் கெட்டிருக்காது.

சென்ற வருடம் வங்கி மேலாளருக்கு ஒரு மாதிரிக் கடிதம் போட்டீர்கள். அதிலும் கணக்கு எண் இல்லை. விடுப்புக் கடிதம் போட்டீர்கள், எந்த வகுப்பு என்று இல்லை. வாசகர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை பெரிது.

அப்புறம், எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இது நீங்கள் அறியாததல்ல.

கூரியர் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். தையல் கூலிக்கு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான்: அடுத்த இதழில் அந்த மாதிரிக் கடிதத்தை டாக்கெட் நம்பர், புக்கிங் தேதி, பொருளின் மதிப்பு எழுத இடம் விட்டு மறுபடி அச்சிடுங்கள். பக்கத்திலேயே தமிழிலும் போட்டால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
மதுரை