ட்ரையல் ஷிஃப்டுக்கு முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு ரெஸ்டாரன்ட் சர்வீஸ் நேர்காணல், மகனுக்குச் சமையலறையில் வேலை செய்ய வைத்துத் திறமையைப் பார்க்கும் ட்ரையல், இரண்டும் ஒரே வாரத்தில் என்று எழுதியிருந்தாய். இரண்டிலும் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மகள். "விருந்தினர் கோபமாக இருந்தால் என்ன செய்வாய்?" என்ற கேள்விக்கு "பொறுமையாகக் கேட்டு மன்னிப்புக் கேட்பேன்" என்று எல்லோருமே சொல்லிவிடுவார்கள். அதனால் விவரமறிந்த மேலாளர் இப்படித் தொடங்குவார்: நிலக்கடலை அலர்ஜி என்று முன்பே சொன்ன விருந்தினருக்கு, மேலே கடலை தூவிய சாலட் போய்விட்டது. விருந்தினர் அவசரத்தில் இருக்கிறார். "கடலையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடு, போதும்" என்கிறார். என்ன செய்வாய்?

அவர் கேட்டபடி செய்வேன் என்று சொன்னால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. கடலையை எடுத்தாலும் அதன் துகளும் எண்ணெயும் இலையில் ஒட்டியிருக்கும். அந்த அளவே சிலருக்கு உயிராபத்து. முதல் கேள்வி "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்பதாக இருக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் உடனே மேலாளரைக் கூப்பிட வேண்டும், விருந்தினரிடம் அவசர ஊசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஆம்புலன்ஸை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. சாப்பிடவில்லை என்றால் தட்டை எடுத்துப் போய், சமையலறையில் 'அலர்ஜி' என்று வாய்விட்டுச் சொல்லி, சுத்தமான பலகை, கிண்ணம், கரண்டியோடு புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடம் ஆகும் என்று செஃபிடம் கேட்ட பிறகே மேசைக்குத் திரும்ப வேண்டும். கேட்காமலே "ரெண்டு நிமிஷம் சார்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. "பில்லில் கழித்துவிடுகிறேன்" என்று தன் அதிகாரத்துக்கு மீறி வாக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

இனி மகன். ட்ரையலில் அசத்தலான பதார்த்தம் எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்து, 5 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கச் சொல்லலாம். வேகத்தைவிட அளவு சீராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பெரிதும் சிறிதுமாக இருந்தால் சிறியது கருகும் நேரத்தில் பெரியது பச்சையாகவே கிடக்கும். பலகை நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டானா, கழிவுக்குத் தனிப் பாத்திரம் வைத்தானா, கத்தியைக் கூராகக் கொண்டுவந்தானா என்பதை எல்லாம் அவன் முதல் வெங்காயத்தை வெட்டும் முன்பே செஃப் பார்த்து முடித்திருப்பார்.

பாதியில் வேண்டுமென்றே வேலையை மாற்றுவார்கள்: "அதை விடு, இந்தக் கோழியைத் துண்டு போடு." உண்மையான சோதனை இதுதான். நறுக்கிய வெங்காயத்தை மூடி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, குளிரில் வைத்துவிட்டு, பச்சை இறைச்சிக்கான பலகையையும் வேறு கத்தியையும் எடுக்க வேண்டும். கோழி முடிந்ததும் இடத்தைத் துடைத்து, கிருமிநாசினி போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகே வெங்காயத்துக்குத் திரும்ப வேண்டும். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் அவசரப்பட்டு, கோழி பிடித்த கையோடு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

சுவை பார்ப்பதையும் கவனிப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தமான ஸ்பூன் எடுக்க வேண்டும். சுவை பார்க்காமலே சாஸை அனுப்புகிறவனை எந்த செஃபும் எடுக்கமாட்டார். உப்புக் குறைவாகத் தோன்றினால் அவனாகவே மாற்றாமல், செஃபிடம் சொல்லிவிட்டுச் சேர்க்கட்டும், ரெசிபி அவர்களுடையது.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எலும்பும் காய்கறியும் கொதிக்க வைத்து எடுத்த சாறான ஸ்டாக்கை ஒரு பெரிய பானையில் சூடாகக் காட்டி "எடுத்து வை" என்பார்கள். அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தால் தவறு. பானையின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து கிருமி பெருகும், பக்கத்திலிருக்கும் பொருள்களும் சூடேறும். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு விதிப்படி, 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் நீரில் வைத்துக் கிளறினால் வேலை சுலபம். அந்தச் சமையலறையின் முறை என்னவென்று கேட்டுவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

சிறிய நோட்டும் பேனாவும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை. அதையே மூன்றாம் முறை கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

ஒன்றை அவன் போகும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்: எத்தனை மணி நேரம், சம்பளம் உண்டா. திறமையைப் பார்க்கச் சில மணி நேரம் போதும். நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்க வைத்து, யாருமே வந்து பார்க்கவில்லை என்றால் அது ட்ரையல் இல்லை, வராத ஆளின் வேலையை இவன் தலையில் கட்டுகிறார்கள். அப்படி இரண்டாம் நாளும் வரச் சொன்னால் கூலி பேசாமல் போகவேண்டாம் என்று சொல்.

முடிவு தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்