டொலர் இறங்கிய மாதங்களில் ஒரு கடிதம்

மட்டக்களப்பு
2023 ஜூன் 4

அன்பின் மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரியும் எழுதாமல் இருந்தது என் பிழைதான். வீட்டில் எல்லாரும் சுகம். உன் மகளின் பெறுபேறு பற்றி நெட்டையன் சொன்னான், மிகவும் சந்தோஷம். டொலர் 300 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது, நாடு நிமிர்ந்துவிட்டது என்று போன கிழமை தொலைபேசியில் நீ துள்ளிக் குதித்தபோது நான் வாய் திறக்காமல் இருந்ததைப் பற்றி, எனக்கு ஏதும் மனக்குறையா என்று அவனிடம் கேட்டாயாம். குறை உன்மேல் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

மார்ச் தொடங்கியபோது டொலர் 360 ரூபாய்க்கு மேல் நின்றது உனக்குத் தெரியும். அந்தக் கிழமையில் களப்பு நண்டு 400 கிலோ சேர்த்துக் கொழும்பிலுள்ள ஏற்றுமதிக் கொம்பனி ஒன்றுக்கு அனுப்பினேன். கிலோவுக்கு 8 டொலர். 40 நாளில் காசு. காசு தரும் நாளில் வங்கி விலை என்னவோ அந்த விலைக்கு ரூபாயாகத் தருவார்கள் என்பதுதான் எங்கள் பேச்சு. மொத்தம் 3,200 டொலர். 360 ரூபாய்ப்படி கணக்குப் பார்த்து, 11 இலட்சத்து 52 ஆயிரம் கைக்கு வரும் என்று நம்பினேன். தோணிக்காரருக்குக் கிலோவுக்கு 2,150 ரூபாய் வீதம் 8 இலட்சத்து 60 ஆயிரத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன். ஐஸ், பெட்டி, லொறி, பெடியன்களின் கூலி எல்லாம் சேர்ந்து இன்னும் 1 இலட்சத்து 60 ஆயிரம் போனது. ஆக, 1 இலட்சத்து 32 ஆயிரம் மிஞ்ச வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் காசு வந்தபோது டொலர் 320 அளவில் நின்றது. கணக்கில் விழுந்தது 10 இலட்சத்து 24 ஆயிரம். மிச்சம் 4,000 ரூபாய். நண்டு சாகவில்லை, நிறை குறையவில்லை, வாங்கினவன் ஏமாற்றவுமில்லை. டொலர் நூற்றுக்குப் பதினொன்று இறங்கியது. என் இலாபமும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்தது, அதனால் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. வருமானம் டொலரிலும் செலவு ரூபாயிலும் இருக்கிறவனுக்கு ரூபாய் பலமாவது என்றால் இதுதான்.

டீசல் மலிந்திருக்குமே என்று நீ கேட்பாய். மலிந்தது உண்மைதான். ஆனால் என் செலவில் டீசல் ஒரு சிறு பங்கு; பெரும் பங்கு தோணிக்காரரின் கைக்குப் போவது. கொம்பனியோ டொலர் விலையைக் கூட்டித் தர மாட்டாது, ஏனென்றால் வெளிநாட்டில் வாங்குகிறவனுக்கு எங்கள் ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான். விலையைக் கூட்டினால் வேறு நாட்டு நண்டை வாங்குவான். அதனால் இப்போது நான் கிலோவுக்கு 1,800 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாதிருக்கிறேன். களப்பில் இரவு முழுக்க வலையோடு நிற்கிறவன் அந்த வலையை டொலர் உச்சத்தில் நின்றபோது வாங்கினான். அவனுக்கு இதை விளங்கப்படுத்தும்போது என் முகத்தை அவன் பார்க்கிற பார்வை எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது, மச்சான்.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். இறக்குமதிச் சாமான் விற்கிறவன் வெல்லுவான் என்று நீ சொன்னது சரிதான், ஆனால் இனி வாங்கப்போகிற சாமானுக்குத்தான் அது சரி. உன் தட்டில் இப்போது இருக்கும் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்கள் எந்த விலையில் வந்தவை? 10 டொலர்ச் சாமானை 3,600 ரூபாய் முதல் போட்டு வாங்கி வைத்திருக்கிறாய். எதிர்க்கடைக்காரன் அதே சாமானை இன்றைக்கு 3,000 ரூபாய்க்குள் இறக்கி 3,300க்கு விற்றால், நீ முதலையே விட்டுக் கொடுத்துத்தான் விற்க வேண்டும். டொலர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைவிட, அங்கே எவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான் நம் இருவரையும் அடிக்கிறது. ஒரு வருடத்தில் மெதுவாக இறங்கியிருந்தால் நானும் விலை பேசியிருப்பேன், நீயும் சாமானை விற்று முடித்திருப்பாய்.

பயணம் போகிறவர்களுக்கு இது நல்ல காலம். வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று அக்கா எவ்வளவு நாளாகச் சொல்கிறா! மார்ச் தொடக்கத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு நம் ரூபாய் 4.40 அளவில் கொடுக்க வேண்டியிருந்தது; இப்போது 3.60 அளவில் கிடைக்கும். 50,000 இந்திய ரூபாய் செலவென்றால் 40,000 ரூபாய் மிச்சம். தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போ. ஆனால் அறுகம்பையில் அறை வாடகைக்கு விடுகிற நம் கணக்கு மாஸ்டரின் மகனிடம் கேட்டுப் பார். அவன் 9,000 ரூபாய் என்று எழுதி வைத்த அறை முன்பு வெள்ளைக்காரனுக்கு 25 டொலர்; இப்போது 30. கடலில் சறுக்க வருகிறவர்கள் செலவை எண்ணிப் பார்க்கிற இளம் பிள்ளைகள். ஒரு வாரம் நிற்க வந்தவன் ஐந்து நாளில் எழும்பிப் போகிறான்.

கட்டாரில் நிற்கும் என் தம்பியின் கதை இதைவிடப் பெரிது. கட்டார் றியால் டொலரோடு கட்டப்பட்டது, ஒரு டொலருக்கு 3.64 றியால். அவன் மாதாமாதம் அனுப்பும் 1,500 றியால் முன்பு 1 இலட்சத்து 48 ஆயிரமாக வந்தது. இப்போது 1 இலட்சத்து 23 ஆயிரத்தைத் தாண்டுவதே கடினம். வீட்டுக் கடன் மாதத்தவணை மட்டும் ரூபாயில் அப்படியே நிற்கிறது.

இதற்காக ரூபாய் விழுந்தே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் பால்மாவும் வாங்க முடியாமல் நாம் நின்ற வரிசைகளை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த வரிசைகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் நீ மறக்கக்கூடாது. 2021 கடைசியில் டொலரை 203 ரூபாய்க்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். பலகையில் ரூபாய் பலமாகத்தான் தெரிந்தது. வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரன் அதைவிடக் கூடக் கொடுத்ததால் வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு விலகினார்கள்; 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த உழைப்பாளர் பணம் 2021இல் 5.5 பில்லியனாகக் குறைந்தது. மலிந்த டொலர் இறக்குமதிக்காரனுக்கு இலாபம் என்றால், அன்று நீதான் ராசா! ஆனால் இறக்குமதிக்கு வங்கிப் பிணையான நாணயக் கடிதம் திறக்க உன் ஆட்கள் வங்கி வங்கியாக அலைந்தும் டொலர் கிடைக்கவில்லையே. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் 360க்குப் போய் நின்றது.

இப்போதைய பலம் அதுபோன்றதல்ல என்பது எனக்கு ஒரு ஆறுதல். அன்று மத்திய வங்கி கையிருப்பை விற்று விலையைப் பிடித்தது. இன்று சந்தையில் டொலரை வாங்கிச் சேர்க்கிறது. ஆனாலும் வாகன இறக்குமதி 2020இலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. வெளிநாட்டுக் கடனின் பெரும்பகுதிக்கு நாம் இன்னும் தவணை கட்டவில்லை. அவை இரண்டும் தொடங்கும் நாளில் டொலருக்கு எவ்வளவு பேர் கை நீட்டுவார்கள் என்று எண்ணிப் பார்.

ஆகவே புதுச் சாமானுக்கு ஓடர் போடும்போது இரண்டு மாதத்துக்கு விற்கக்கூடிய அளவோடு நிறுத்து. பழையதை இப்போதே விலை குறைத்துத் தள்ளு, நட்டம் சிறிதாக இருக்கும்போதே. நானும் அடுத்த நண்டுக்கு, ஏற்றுகிற நாளின் டொலர் விலையை எழுத்தில் போட்டுத் தந்தால்தான் அனுப்புவேன் என்று கொம்பனிக்குச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வேளாங்கண்ணிக்குப் போகும் திகதியைத் தெரிவி. அம்மாவின் பெயரில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும்.

உன் பழைய வாங்குத் தோழன்