டக்ட் மேல் போட்ட ஷீட்டை எடுத்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர், செயலாளர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு லிஃப்டில் ஏறினார். உள்ளே நீங்கள் மாட்டியிருக்கும் வாசனை மெஷின் அவர் தலைக்கு மேலேயே ஸ்பிரே அடித்தது. மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது இருமல் தாங்காமல், எங்கள் வாசலில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, அவர் நிமிர்ந்து பேச இருபது நிமிடம் ஆயிற்று. அவருக்கு ஆஸ்துமா என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மெஷின் வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். “நாற்றம் வருகிறது என்று நீங்கள்தானே புகார் சொன்னீர்கள்?” என்று பதில் வந்தது.

ஆமாம், சொன்னேன். நாற்றத்தை நிறுத்தச் சொன்னேன், அதன் மேல் வாசனையைப் பூசச் சொல்லவில்லை. ஸ்பிரே அடித்தால் நாற்றம் போவதில்லை. அது அங்கேயே இருக்க, கூடவே இன்னொன்று சேர்கிறது. சுவாசிக்கிறவர்களுக்கு இரண்டும்தான் உள்ளே போகின்றன.

நாற்றம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். புறாத் தொல்லைக்காக மொட்டை மாடியில் டக்ட் வாயை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிய பிறகுதான். எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அந்த டக்ட்டுக்குள்தான் திறக்கின்றன. எக்ஸாஸ்ட் ஃபேன்களும் காற்றை அதற்குள்தான் தள்ளுகின்றன. முன்பு அது மேலே போய்விடும். இப்போது போக வழியில்லாமல் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது.

இதை ஒரு ஊதுபத்தியை வைத்தே பார்த்துவிடலாம். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டை அருகே பத்தியைப் பிடித்தேன். புகை வெளியே போக வேண்டிய ஜன்னலிலிருந்து உள்பக்கமாக வளைந்து வந்தது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும், அது டக்ட்டிலிருந்து வருகிறது. கீழ்வீட்டில் மீன் வறுத்தால் எங்கள் பாத்ரூமில் மணக்கும் காரணம் இதுதான். பால்கனிக் கதவை நாலு விரல் அகலம் திறந்ததும் புகை திரும்பி வெளியே போனது. அதனால் நாங்கள் இப்போது அந்தக் கதவைத் திறக்காமல் ஃபேன் போடுவதில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் இதைச் செய்ய முடியுமா? மழைக்காலத்தில் என்ன செய்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாவது மாடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பாத்ரூமில் தரையிலுள்ள நானி ட்ராப் காய்ந்துவிட்டிருக்கும். அதில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. கோடையில் சில வாரம் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் வற்றிவிடும். சாவி உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய் விட்டால் மறுபடி வற்ற நாளாகும். ஸ்பிரே டப்பா வாங்கும் காசில் கால்வாசிகூட ஆகாது.

வாசனைக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலில் வெட்டிவேர்க் கட்டு தொங்குகிறது. காலையில் தண்ணீர் தெளித்தால் காற்று பட்டு மணக்கும். ராத்திரி காய வைக்காவிட்டால் அதுவும் பூஞ்சை பிடித்து முடைநாற்றம் வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மாவுக்காக நிறுத்திவிட்டோம், ஏனென்றால் இயற்கையானது என்றாலும் புகை புகைதான். இதெல்லாம் காற்று ஓடும் வீட்டில்தான் பலிக்கும். அடைத்த வீட்டில் எந்த வாசனையும் பலிக்காது.

இந்த மூன்று மாதத்தில் காரிடார் ஜன்னலையும் சாத்தி வைத்துவிட்டீர்கள். தூசி வருகிறதாம். தூசியைப் பெருக்கலாம், மூச்சு முட்டுகிறவரை என்ன செய்வது? கேட்டால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை.

சரி, கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். ஷீட்டை அடியோடு எடுக்க மனமில்லையென்றால், சுவருக்கு மேல் ஒரு அடி உயர்த்திப் பொருத்தி, சுற்றிலும் புறா வலை கட்டுங்கள். மழையும் புறாவும் வராது, காற்று போகும். லிஃப்டிலும் காரிடாரிலும் உள்ள ஸ்பிரே மெஷின்களைக் கழற்றிவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு வாருங்கள், ஊதுபத்தியோடு நான் நிற்கிறேன். தயவுசெய்து அந்த ஷீட்டை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி, வடக்குப் பக்க வீட்டிலிருந்து