டோர்னமென்ட் நடத்தும் ஊர்க் கிரிக்கெட் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

நோட்டீஸ் அடித்து, நுழைவுக் கட்டணமும் வாங்கிவிட்ட பிறகு மைதானத்துக்கு அனுமதி கேட்டு ஓடும் வழக்கத்தை விடுங்கள். முதல் வேலை, அந்த இடம் யாருடையது என்று பார்ப்பது. வி.ஏ.ஓ.விடம் சர்வே எண் கேட்டு, eservices.tn.gov.in தளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். ஊர் மந்தை என்று நாம் நினைக்கும் இடம் பள்ளிக்கோ கோயிலுக்கோ சொந்தமாக இருக்கலாம். பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடம் மனு கொடுக்க வேண்டும். வறண்ட ஏரியின் உள்வாயில் ஆடுகிறீர்கள் என்றால் அது நீர்நிலை. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, அந்த ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கேயும் போக வேண்டும். தவறான இடத்தில் வாங்கிய அனுமதி, யாராவது ஆட்சேபித்ததும் செல்லாமல் போகும்.

மனு எழுதுமுன் ஆட்ட அட்டவணையைப் போடுங்கள். 16 அணி, நாக்-அவுட் என்றால் 15 ஆட்டம். அணிக்கு 6 ஓவர் வைத்தால், இடைவெளியும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சனிக்கிழமை 8 ஆட்டத்துக்குப் பத்து மணி நேரம். சாப்பாட்டு நேரமும் சேர்த்துக் காலை 7 முதல் மாலை 5.30 வரை. ஞாயிறு 7 ஆட்டம் மாலை நாலரைக்குள் முடியும், பிறகு பரிசளிப்பு. இப்படிக் கணக்குப் போட்டால் லைட்டே வேண்டாம். தற்காலிக மின் இணைப்பு கேட்டு அலையும் வேலையும் மிச்சம். 24 அணி சேர்த்தால் 23 ஆட்டம். அதே இரண்டு நாளில் இருட்டுவதற்குள் முடியாது.

மனுவில் இந்த நேரத்தை அப்படியே எழுதுங்கள். 'சனி, ஞாயிறு டோர்னமென்ட் நடத்த அனுமதி வேண்டும்' என்ற ஒற்றை வரியை வைத்து எந்த அதிகாரியும் முடிவெடுக்க முடியாது. சர்வே எண், மைதானத்தின் எந்தப் பகுதி, எத்தனை அணி, ஏறக்குறைய எத்தனை பார்வையாளர்கள், வண்டி நிறுத்தும் இடம், பந்தல் போட எங்கே குழி தோண்டுவீர்கள், அதை யார் மூடுவார்கள் என்பதெல்லாம் வேண்டும். பொறுப்பாளர் இருவரின் பெயர், செல் நம்பர், ஆதார் நகல் இணையுங்கள். பலரும் விடுவது ஒன்று: வெள்ளி மாலை பிட்ச் போடவும் திங்கள் காலை குப்பை அள்ளவும் சேர்த்தே கேளுங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கேட் பூட்டியிருக்கும்.

மைக்செட்டுக்குக் காவல் நிலையத்தில் தனி மனு. கூம்பு ஒலிபெருக்கி கேட்காதீர்கள், பெட்டி ஸ்பீக்கர் என்றே எழுதுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே மைக் இல்லாமல் நடத்தத் தயாராகுங்கள். மைதான அனுமதியின் நகலை இந்த மனுவோடு வைக்க வேண்டியிருப்பதால் இரண்டையும் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட முடியாது. பேனருக்கு அனுமதி வேறு.

எல்லா மனுவையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 'தலைவர் சரின்னுட்டாரு' என்பது அனுமதி ஆகாது. உத்தரவின் நகல் இரண்டு நாளும் ஸ்கோரர் மேசையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
போட்டி ஏற்பாட்டுப் பணியில் இருக்கும் சக குழுவினர்